3.7 கோடியில் ஒருவர்

1999ஆம் ஆண்டு வட இங்கிலாந்தின் போல்டன் நகரில் ஒரு வீட்டில் திருட்டு நடந்தது. திருடன் விட்டுச்சென்ற தடயத்திலிருந்து டி.என்.ஏ. கிடைத்தது. போலீசார் அதை நாட்டின் டி.என்.ஏ. தரவுத்தளத்தில் தேடினார்கள். அன்றைக்கு அதில் ஏறக்குறைய 7 லட்சம் பேரின் விவரங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று அப்படியே பொருந்தியது. பொருந்திய ஆள் 200 கிலோமீட்டருக்கும் அப்பால், ஸ்விண்டன் என்ற ஊரில் இருந்தார். வயது 49. முற்றிய நடுக்குவாத நோயாளி. தானாகச் சட்டை போட்டுக்கொள்ளவே சிரமப்படுகிறவர், கார் ஓட்ட முடியாதவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத் தகராறில் போலீசார் அவரிடம் எடுத்த மாதிரி தரவுத்தளத்திலேயே இருந்துவிட்டது.

அவரைக் கைது செய்தார்கள். போல்டனுக்குப் போனதே இல்லை என்று அவர் சொன்னது எடுபடவில்லை. "இந்தப் பொருத்தம் தற்செயலாக நேர 3.7 கோடியில் ஒரு வாய்ப்புத்தான்" என்பது அவருக்கு எதிராக நின்றது. அவருடைய வழக்கறிஞர் விடாமல் மறுசோதனை கேட்டார். முதல் சோதனை டி.என்.ஏ.வில் ஆறு இடங்களை மட்டும் ஒப்பிட்டிருந்தது. அப்போதுதான் பயன்பாட்டுக்கு வந்திருந்த புதிய முறை பத்து இடங்களை ஒப்பிடும். அதில் பார்த்தபோது அவர் திருடன் இல்லை என்பது உறுதியானது. சில மாதங்கள் கழித்து வழக்கைக் கைவிட்டார்கள்.

இந்த வழக்கில் ஆய்வகம் தவறு செய்யவில்லை. ஆறு இடங்களும் உண்மையிலேயே பொருந்தின. 3.7 கோடி என்ற கணக்கிலும் பிழை இல்லை. அந்த எண் எந்தக் கேள்விக்கு விடை என்பதைத்தான் எல்லோரும் தவறாகப் புரிந்துகொண்டார்கள். இதே தவறு நம் ஊர் நீதிமன்றத்திலும் நடக்கக்கூடும் என்பதால் அந்த எண் எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம்.

மனிதரின் டி.என்.ஏ.வில் சுமார் 300 கோடி எழுத்துகள் உண்டு. தடயவியல் ஆய்வகம் அத்தனையையும் படிப்பதில்லை. சில குறிப்பிட்ட இடங்களில் நான்கு எழுத்துகள் கொண்ட ஒரு சிறு துண்டு அடுத்தடுத்துத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒவ்வொரு இடத்துக்கும் தாயிடமிருந்து ஓர் எண்ணும் தந்தையிடமிருந்து ஓர் எண்ணும் நமக்கு வருகின்றன. ஒருவருக்கு ஓரிடத்தில் "6, 9" என்று இருக்கலாம், இன்னொருவருக்கு அதே இடத்தில் "7, 8" என்று இருக்கலாம். இப்படிப் பல இடங்களின் எண் ஜோடிகளை வரிசையாக எழுதினால் அதுதான் ஒருவரின் டி.என்.ஏ. விவரம். இன்றைய கருவிகள் இருபதுக்கும் மேற்பட்ட இடங்களைப் பார்க்கின்றன.

இனி கணக்கு. ஓரிடத்தில் 6 என்ற எண் மக்களிடையே பத்தில் ஒரு பங்காகவும், 9 என்ற எண் ஐந்தில் ஒரு பங்காகவும் காணப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். தாயிடமிருந்து 6, தந்தையிடமிருந்து 9 வரலாம். மாறியும் வரலாம். ஆகவே இரண்டையும் பெருக்கி, அதை இரட்டிக்க வேண்டும். நூற்றில் நான்கு, அதாவது 25 பேரில் ஒருவருக்கு அந்த ஜோடி இருக்கும். அடுத்த இடத்துக்கும் இப்படியே கணக்கிட்டு, எல்லா இடங்களின் விடைகளையும் ஒன்றோடொன்று பெருக்குவார்கள். ஓரிடத்துக்குச் சராசரியாக 18 பேரில் ஒருவர் என்று வந்தால்கூட, ஆறு இடங்களுக்குப் பெருக்கினால் 3.4 கோடியில் ஒருவர் என்று ஆகிவிடும். போல்டன் வழக்கின் எண் இத்தனை எளிதாகப் பிறந்ததுதான். 3.7 கோடிப் பேரை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. சில நூறு பேரிடம் ஒவ்வோர் எண்ணும் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று பார்த்து, அதைப் பெருக்கிப் பெற்ற மதிப்பீடு அது.

அந்த எண் சொல்வது இதைத்தான்: குற்றத்தோடு தொடர்பே இல்லாத, குற்றவாளிக்கு உறவும் இல்லாத யாரோ ஒருவரைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்து வந்தால், அவருடைய விவரம் தடயத்தோடு பொருந்த 3.7 கோடியில் ஒரு வாய்ப்பு. "பொருந்திய இந்த ஆள் நிரபராதியாக இருக்க 3.7 கோடியில் ஒரு வாய்ப்பு" என்பது முற்றிலும் வேறு கூற்று. முதலாவதைக் கணக்கிட ஆய்வகத்துக்குத் தெரிந்தது போதும். இரண்டாவதைச் சொல்ல வேண்டுமானால், குற்றம் செய்திருக்கக்கூடியவர்கள் மொத்தம் எத்தனை பேர், இந்த ஆளைச் சந்தேகிக்க வேறென்ன காரணம் என்பதெல்லாம் தெரிந்தாக வேண்டும்.

போல்டன் எண்ணையே எடுத்துக்கொள்வோம். அன்றைய பிரிட்டனின் மக்கள்தொகை சுமார் 6 கோடி. 3.7 கோடியில் ஒருவர் என்றால், உண்மைத் திருடனைத் தவிர, அந்த நாட்டில் இன்னும் ஒருவரோ இருவரோ அதே விவரத்தோடு இருப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டும். ஸ்விண்டன்காரர் அவர்களில் ஒருவர். வேறு எந்தச் சான்றும் இல்லாத நிலையில், அவர்தான் திருடன் என்பதற்கு இரண்டில் ஒரு வாய்ப்புக்கூடத் தேறாது. அவருடைய நோயையும் ஊர் தூரத்தையும் சேர்த்துப் பார்த்தால் அதுவும் வற்றிப்போகும்.

அவர் எப்படி அகப்பட்டார் என்பதும் முக்கியம். அவர்மேல் யாருக்கும் சந்தேகம் வந்து சோதிக்கவில்லை. 7 லட்சம் பேரை வரிசையாக நிறுத்தி, யாராவது பொருந்துகிறார்களா என்று தேடியதில் அகப்பட்டார். திருடன் அந்த 7 லட்சத்தில் இல்லை என்று கொண்டால், தொடர்பில்லாத ஒருவர் பொருந்த ஏறத்தாழ 53இல் ஒரு வாய்ப்பு இருந்தது. இது ஒரு தடயத்தைத் தேடும்போது. போலீசார் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான தடயங்களை அதே தரவுத்தளத்தில் தேடினார்கள். அப்படியானால் இத்தகைய நிரபராதி ஒருவர் எப்போதாவது சிக்கியே தீர வேண்டும். அவர் சிக்கியதில் வியப்பே இல்லை.

மாறாக, ஒரு கொலையைச் செய்திருக்கக்கூடியவர்கள் அந்த இரவில் அந்த வீட்டுக்குள் இருந்த மூன்று பேர்தான், மூவரும் உறவினர் அல்லர் என்று மற்றச் சான்றுகள் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். மூவரில் ஒருவர் மட்டும் தடயத்தோடு பொருந்தினால், அதே ஆறு இடப் பொருத்தம் அசைக்க முடியாத சான்றாகிவிடும். எண் மாறவில்லை, அதைச் சுற்றியுள்ள வழக்குதான் மாறியிருக்கிறது. டி.என்.ஏ. ஒன்றே போதும் என்று சொல்பவர்களும், அதை நம்பவே கூடாது என்று சொல்பவர்களும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

மான்செஸ்டர் நகரில் நடந்த ஒரு பாலியல் வன்முறை வழக்கில் இந்தக் குழப்பம் சாட்சிக் கூண்டிலேயே வெளிப்பட்டது. அங்கே எண் 30 லட்சத்தில் ஒன்று. குற்றம் சாட்டப்பட்டவரைத் தவிர வேறொருவர் இதைச் செய்திருக்க 30 லட்சத்தில் ஒரு வாய்ப்புத்தானா என்று அரசு வழக்கறிஞர் கேட்க, நிபுணரும் ஆமென்று சொல்லிவிட்டார். 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. இதற்குச் சட்ட உலகில் "அரசு வழக்கறிஞரின் தவறு" என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1996இல் வேறு இரு மேல்முறையீடுகளில் நீதிபதி பிலிப்ஸ் தெளிவாக வரையறுத்தார்: பத்து லட்சத்தில் ஒருவர் என்றால், பிரிட்டனில் சுமார் 26 ஆண்களுக்கு அதே விவரம் இருக்கும். குற்றம் சாட்டப்பட்டவரைப் பற்றி வேறெதுவும் தெரியாவிட்டால், அவர் அந்த 26 பேரில் ஒருவர் என்பதற்கு மேல் அந்தச் சான்று எதையும் சொல்லவில்லை. நிபுணர் அந்த எண்ணைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும், ஆள் இவர்தானா என்று கருத்துச் சொல்லக் கூடாது.

கணக்கிட்டபோது "உறவு இல்லாத ஒருவர்" என்று சொன்னோம் இல்லையா, நம் நாட்டுக்கு அது சின்ன விஷயம் இல்லை. உடன்பிறந்தவர்கள் ஒரே பெற்றோரிடமிருந்து எண்களைப் பெறுவதால், ஓர் இடத்தில் அண்ணனும் தம்பியும் முழுதாக ஒத்துப்போக நான்கில் ஒன்றுக்கும் மேலான வாய்ப்பு உண்டு. மேலே சொன்ன "6, 9" இடத்தில் அது ஏறத்தாழ மூன்றில் ஒன்று. ஆறு இடங்களுக்கு அப்படியே பெருக்கினால் 729இல் ஒன்று. கோடிகள் சில நூறுகளாகச் சுருங்கிவிடுகின்றன. அத்தை மகளையும் மாமன் மகளையும் அக்காள் மகளையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவந்த ஊர்களில், ஒரே சாதிக்குள் ஒரே வட்டாரத்தில் பெண் கொடுத்து எடுத்த குடும்பங்களில், உறவே இல்லை என்று நினைக்கும் இருவர்கூட மற்ற இடங்களைவிட அதிகமாக ஒத்திருப்பார்கள். இதற்கென்று கணக்கில் ஒரு திருத்தம் சேர்க்கும் முறை உண்டு. அறிக்கையில் அது சேர்க்கப்பட்டதா, எந்த மக்களிடம் எடுத்த புள்ளிவிவரம் பயன்பட்டது என்று வழக்கறிஞர் கேட்க வேண்டும். சந்தேகம் ஒரு குடும்பத்துக்குள்ளேயே சுழலும் வழக்கில் தம்பியையும் சோதித்தார்களா என்பதே முதல் கேள்வி.

இன்றைய இருபது இடச் சோதனையில் எண்கள் உலக மக்கள்தொகையையும் தாண்டிவிடுகின்றன. உறவில்லாத இருவர் தற்செயலாக ஒத்துப்போகும் வாய்ப்பு நடைமுறையில் இல்லை என்றே ஆகிவிட்டது. அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை, அது இடம் மாறியிருக்கிறது. தற்செயல் பொருத்தத்தை மட்டுமே அந்த எண் அளக்கிறது. மாதிரிகள் மாறிப்போயிருக்கலாம், ஒன்றோடொன்று கலந்திருக்கலாம், அந்த டி.என்.ஏ. வேறு வழியில் அங்கே வந்திருக்கலாம். இவை எதுவுமே அந்த எண்ணுக்குள் இல்லை.

2011இல் மான்செஸ்டரில் ஒரு பெண் தாக்கப்பட்ட வழக்கில், தென்மேற்கு இங்கிலாந்தைச் சேர்ந்த 20 வயது இளைஞர் ஒருவருடைய டி.என்.ஏ. பொருந்தியது. முழுப் பொருத்தத்துக்கு அப்போது பிரிட்டனில் வழக்கமாகச் சொல்லப்பட்டது நூறு கோடியில் ஒன்று. மான்செஸ்டருக்கு வந்ததே இல்லை என்றார் அவர். பல மாதங்கள் காவலில் இருந்தார். சம்பவ நேரத்தை ஒட்டி அவருடைய கைபேசி பிளிமத் நகரில், நானூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தது தெரியவந்த பிறகுதான் ஆய்வகத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். தொடர்பில்லாத வேறொரு வழக்குக்காக அவருடைய உமிழ்நீர் அதே ஆய்வகத்துக்கு வந்திருந்தது. ஒரு முறை பயன்படுத்திவிட்டுத் தூக்கி எறிய வேண்டிய பிளாஸ்டிக் தட்டு மறுபடி பயன்பட்டதில், அது இந்த வழக்கின் மாதிரியோடு கலந்துவிட்டது. ஓர் ஆய்வகத்தில் ஆயிரம் மாதிரிக்கு ஒன்று இப்படிக் கெடும் என்று வைத்துக்கொண்டால்கூட, நீதிமன்றம் எடைபோட வேண்டிய ஐயம் அந்த ஆயிரத்தில் ஒன்றுதான். அதன் பக்கத்தில் நூறு கோடிக்கு வேலையே இல்லை.

இவ்வளவு எளிதாகக் கலப்பதற்குக் காரணம் சோதனையின் கூர்மைதான். தடயத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, அளவு பார்த்து, பிறகு பி.சி.ஆர். கருவியில் வைத்துப் பெருக்குகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அது இரட்டிக்கும். முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடியாகப் பெருக முடியும். ஒரு நானோகிராம், அதாவது சுமார் 150 செல்களில் இருக்கும் டி.என்.ஏ., நல்ல விவரம் பெறத் தாராளம். கதவுப் பிடியில் கை பட்டதில் ஒட்டிய சில செல்களிலிருந்தே விவரம் எடுக்கப் பார்க்கிறார்கள். அதே அளவு செல்கள் கையுறை மாற்றாத காவலரிடமிருந்தோ, மாதிரியைப் பார்த்துத் தும்மியவரிடமிருந்தோ வந்துவிடலாம். அதனால்தான் ஒவ்வொரு தடயத்துக்கும் கையுறை மாற்றச் சொல்கிறார்கள். ரத்தக் கறையையோ உமிழ்நீரையோ தூய பஞ்சுக்குச்சியில் தொட்டெடுத்து, நிழலில் காயவைத்து, காகித உறையில் போட வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் அடைபட்டால் பூஞ்சையும் நுண்ணுயிர்களும் வளர்ந்து டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். நம்முடைய வெயிலும் புழுக்கமும் அதை இன்னும் விரைவாகச் செய்துவிடும்.

இந்தச் சின்னச் சின்ன வேலைகளில் ஒரு வழக்கே சரியக்கூடும் என்பதற்குத் தேனி மாவட்டம் சுருளி அருவி வழக்கு சாட்சி. 2011 மே மாதம் அருவிப் பகுதிக்குச் சென்ற இளம் காதலர் இருவர் கொல்லப்பட்டார்கள். பெண்ணின் உடலிலிருந்து எடுத்த மாதிரி குற்றம் சாட்டப்பட்டவரோடு பொருந்துவதாக அரசுத் தரப்பு சொன்னது. விசாரணை நீதிமன்றம் தூக்கு விதித்தது, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உறுதி செய்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. மற்றச் சான்றுகளின் சங்கிலி அறுந்து கிடந்ததோடு, டி.என்.ஏ. மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போனதில் இருந்த தாமதத்துக்கு விளக்கம் இல்லை என்பதும், இடையில் அவை யாருடைய பொறுப்பில் எப்படி இருந்தன என்பது தெளிவாகக் காட்டப்படவில்லை என்பதும் முக்கியக் காரணங்கள். மாதிரி கெட்டது என்று யாரும் நிரூபிக்கவில்லை. கெடவில்லை என்று காட்ட வேண்டியவர்களிடம் அதற்கான ஆவணம் இல்லை. கொல்லப்பட்ட அந்த இருவரின் குடும்பங்கள் பதினான்கு ஆண்டுகள் காத்திருந்ததற்கும், ஒருவர் தூக்கு நிழலில் ஆண்டுக்கணக்கில் கிடந்ததற்கும் விடையாகக் கிடைத்தது இதுதான் என்பது மனத்தை அறுக்கிறது.

அந்தத் தீர்ப்பிலேயே நாடு முழுமைக்குமான நடைமுறையை நீதிமன்றம் வகுத்தது. மாதிரி எடுக்கும்போது வழக்கு எண், சட்டப் பிரிவு, காவல் நிலையம், புலனாய்வு அதிகாரியின் விவரம் எல்லாவற்றையும் எழுதி, மருத்துவர், அதிகாரி, தனிச் சாட்சிகள் ஆகியோரின் கையொப்பம் பெற வேண்டும். எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். தாமதமானால் காரணத்தைக் கேஸ் டைரியில் எழுத வேண்டும். வழக்கு நிலுவையில் இருக்கும்போது நீதிமன்ற அனுமதியின்றி எந்தப் பொட்டலத்தையும் திறக்கவோ மறுபடி முத்திரையிடவோ கூடாது. மாதிரி எடுத்த நாள்முதல் தண்டனையோ விடுதலையோ ஆகும்வரை அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று ஒரு பதிவேடு இருக்க வேண்டும், அது வழக்கின் ஆவணத்தோடு சேர வேண்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு இந்தப் பதிவேடுதான் முதல் ஆயுதம். முத்திரை எப்படி இருந்தது என்று பறிமுதல் மகஜரில் எழுதியதும், ஆய்வகம் பெற்றுக்கொண்டபோது எழுதியதும் ஒத்துப்போகின்றனவா என்று ஒப்பிட்டாலே பல விஷயங்கள் தெரிந்துவிடும்.

அடுத்தது அறிக்கை. பொருத்தம் என்பது கருவியே சொல்லும் முடிவு இல்லை. கருவி தருவது உயரமும் தாழ்வுமான முகடுகள் கொண்ட ஒரு வரைபடம். எந்த முகடு உண்மையான எண், எது பெருக்கும்போது உண்டான போலி நிழல் என்று பகுப்பாய்வாளர் முடிவு செய்கிறார். ஓர் ஆளின் சுத்தமான ரத்தத்தில் இது எளிது. மூன்று பேர் தொட்ட கத்தியில் ஓரிடத்தில் ஐந்தாறு முகடுகள் வரும். எந்த இரண்டு ஒரே ஆளுடையவை என்பது ஊகத்துக்கு உட்பட்டது. அளவு மிகக் குறைந்த மாதிரியில் உண்மையான முகடு தெரியாமலும் போகலாம். அப்போது, சந்தேக நபருக்கு இருக்க வேண்டிய எண் வரைபடத்தில் இல்லாவிட்டால், "காணாமல் போயிருக்கும்" என்று எழுதிவிடும் ஆசை வரும். சந்தேக நபரின் விவரத்தைப் பார்ப்பதற்கு முன்பே தடயத்தின் எண்களைக் குறித்து முடித்தார்களா என்ற கேள்வி இதனால் எழுகிறது. டி.என்.ஏ. எதுவுமே சேர்க்காத வெற்று மாதிரியையும் கூடவே ஓட்டுவார்கள். அதிலும் முகடு தெரிந்தால் எங்கோ கலந்துவிட்டது என்று பொருள். அந்த வெற்று மாதிரியின் வரைபடத்தையும் எதிர்த்தரப்பு கேட்டு வாங்க வேண்டும்.

டெல்லியின் சாவ்லா வழக்கில் மாதிரிகள் 2012 பிப்ரவரியில் காவல் நிலையப் பொருள் காப்பறையில் பத்து நாட்களுக்கும் மேல் கிடந்தன. 2022இல் தண்டனையை ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றம் இன்னொன்றையும் குறிப்பிட்டது: டி.என்.ஏ. அறிக்கையின் முடிவுக்கு என்ன அடிப்படை, உத்திகள் நம்பகமாகக் கையாளப்பட்டனவா என்று விசாரணை நீதிமன்றமும் ஆராயவில்லை, உயர் நீதிமன்றமும் ஆராயவில்லை. இதற்கு நம் சட்டத்தின் ஒரு வசதியும் துணைபோகிறது. அரசுத் தடயவியல் நிபுணரின் அறிக்கையை, அவரை விசாரிக்காமலேயே சான்றாக ஏற்கலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293ஆம் பிரிவில் இருந்தது, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 329இல் இருக்கிறது. ஆனால் அதே பிரிவு, நீதிமன்றம் விரும்பினால் அந்த நிபுணரை அழைத்து விசாரிக்கலாம் என்றும் சொல்கிறது. சட்ட உதவி வழக்கறிஞரை மட்டுமே நம்பியிருக்கும் ஏழைக் கைதிக்கு, அந்த ஒரு மனுவைத் தாக்கல் செய்வதில்தான் உயிர் இருக்கிறது. நிபுணர் கூண்டில் ஏறினால், அவரிடம் கேட்டு வாங்க வேண்டியவை வரைபடமும், மாதிரியில் கிடைத்த டி.என்.ஏ.வின் அளவும், வெற்று மாதிரியின் முடிவும்தான். அறிக்கையில் "பொருந்துகிறது" என்ற சொல் மட்டும் இருந்து எண்ணே இல்லாவிட்டால், எத்தனை பேரில் ஒருவருக்கு இந்த விவரம் இருக்கும் என்று அங்கேயே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். மாதிரியில் மிச்சம் இருந்தால், வேறோர் ஆய்வகத்தில் மறுசோதனை செய்ய அதே நாளில் மனு கொடுக்கலாம்.